ஒட்டி வைத்த அறிக்கை கணக்கு ஆகாது

மாதக் கணக்கை எக்செல்லில் போடலாம், அட்டவணையை வேர்டில் ஒட்டலாம், வரைபடத்தை அதன் கீழே ஒட்டலாம், பிறகு பிடிஎஃப் ஆகச் சேமித்து அச்சடிக்கலாம். இதற்குப் போய் யாராவது நிரல் எழுதுவார்களா? ஆரணியில் தறிக்காரர்களுக்குப் பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுத்துச் சேலையாகத் திரும்ப வாங்கும் இடங்களில், சங்கமானாலும் தனி முதலாளியானாலும், கணக்கெழுதுவோரிடம் பரவலாக இருக்கும் எண்ணம் இது. கணினி படித்துவிட்டு வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் ஊருக்கு வரும்போது இதையே ஆமோதிக்கிறார்கள். இந்த எண்ணம் தவறானது. மாதாமாதம் தறிக்காரர் கையில் போய்ச் சேரும் கணக்குச் சீட்டை, அட்டவணையும் படமுமாக, பைத்தான் நிரல் ஒன்று நேரே பிடிஎஃப் கோப்பில் எழுதுவதே சரி என்பது என் வாதம்.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். எக்செல் எல்லாருக்கும் தெரியும். கணக்கெழுதுபவர் லீவு போட்டாலும் இன்னொருவர் உட்கார்ந்து முடித்துவிடலாம். வேர்டில் ஒரு பெயர் தவறாக விழுந்தால் அந்த இடத்திலேயே திருத்தலாம். தமிழ் எழுத்து ஒழுங்காக வருகிறது. நிரலில் எழுதிப் பார்த்தவர்களுக்குக் கொம்பும் காலும் இடம் மாறி வந்த அனுபவம் இருக்கிறது. நிரலை எழுதிக் கொடுத்த பையன் சென்னைக்கோ ஓசூருக்கோ போய்விட்டால் அதைத் தொட ஆளில்லை. இவற்றில் எதுவும் சோம்பேறிகள் சொல்லும் சாக்கு அல்ல. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டிய கடமை என்னைப் போன்று பேசுபவர்களுக்கு உண்டு.

எந்த அறிக்கையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதும் தெளிவாக இருக்கட்டும். ஒரு தறிக்காரருக்கு மாதம் ஒரு சீட்டு. அதில் போன மாதத்து நூல் இருப்பு, இந்த மாதம் கொடுத்தது, சேலையாகத் திரும்பி வந்தது, தறியில் மீந்து நிறுத்தது, குறைவு, கூலி என்று வரிசைகள் இருக்கும். அதோடு எல்லாத் தறிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒரு பட்டியலும் பட்டை வரைபடமும் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழுவில் வைக்கும் அறிக்கையைப் பற்றி நான் பேசவில்லை. அதை வேர்டிலேயே செய்யலாம், செய்யவும் வேண்டும். ஒருமுறை மட்டும் எழுதி முடியும் எதற்கும் நிரல் எழுதுவது வீண் வேலைதான்.

1. ஒட்டிய எண் தன் மூலத்தை மறந்துவிடுகிறது.

எக்செல்லிலிருந்து வேர்டுக்கு நகலெடுத்து ஒட்டிய அட்டவணை அந்த நிமிடத்து நிலவரத்தின் நிழல். ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. ஒரு தறியில் ஊடைப் பட்டு போன மாத இருப்பு 140 கிராம், இந்த மாதம் கொடுத்தது 500 கிராம், ஆக மொத்தம் 640. மூன்று சேலைகளின் எடையிலிருந்து கணக்கிட்டால் ஊடையில் போனது 510. எனவே தறியில் 130 கிராம் மீந்திருக்க வேண்டும். தராசில் 118 நிற்கிறது என்றால் 12 கிராம் குறைவு.

இப்போது, சீட்டு தயாரான பிறகு, கடைசிக் கண்டு ஒன்று நிறுக்காமல் விட்டுப்போனது தெரியவருகிறது என்று வையுங்கள். எக்செல்லில் 118-ஐ 127 ஆக்குகிறார்கள். குறைவு 3 கிராமாகிவிடுகிறது. வேர்டிலிருக்கும் தறிக்காரர் சீட்டில் அது 12 ஆகவே நிற்கும், எல்லாத் தறிகளின் பட்டியலிலும் 12 ஆகவே நிற்கும், படத்திலும் பழைய பட்டை நீளமாகவே நிற்கும். மூன்று இடங்களையும் நினைவு வைத்துத் திருத்த வேண்டும். ஒன்றைத் திருத்தி இரண்டை விட்டால், ஒரே மாதத்துக்கு ஒரே தறியைப் பற்றி இரண்டு கணக்குகள் ஊரில் உலவும். தறிக்காரர் கையிலிருக்கும் சீட்டு ஒன்று சொல்லும், அலுவலகப் பட்டியல் வேறொன்று சொல்லும்.

‘இணைப்பாக ஒட்டினால் தானே மாறிக்கொள்ளும்’ என்று பதில் வரும். மாறும், கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும் வரை. மாதக் கடைசியில் கோப்பின் பெயரை மாற்றி நகலெடுத்து அடுத்த மாதக் கணக்கைத் தொடங்குவதுதான் வழக்கம்; அப்படிச் செய்த மறுகணம் இணைப்பு போன மாதக் கோப்பையே பார்த்துக்கொண்டிருக்கும். ‘மெயில் மெர்ஜ் இருக்கிறதே’ என்பார்கள். ஆளுக்கொரு வரி உள்ள கடிதத்துக்கு அது அருமையான கருவி. ஒரு தறிக்கு இரண்டு சேலை, இன்னொன்றுக்கு ஐந்து சேலை என்று வரிசை எண்ணிக்கை மாறும் அட்டவணைக்கு அதை வளைத்துப் பிடிப்பது பெரும்பாடு. ஆளுக்கொரு வரைபடம் போட்டுத் தர அதனால் ஆகாது.

நிரல் எழுதும் வழியில் ஒரே ஒரு மூலக் கோப்பு இருக்கிறது. எக்செல்லிலிருந்து சிஎஸ்வி ஆகச் சேமித்தது போதும். சீட்டு, பட்டியல், படம் மூன்றும் அந்த ஒரே கோப்பைப் படித்து ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதப்படுகின்றன. 118-ஐ 127 ஆக்கி நிரலை மறுபடி ஓட்டினால் மூன்றும் சேர்ந்தே மாறும். இன்னொன்றும் உண்டு. போன மாதக் கடைசி இருப்பும் இந்த மாதத் தொடக்க இருப்பும் பொருந்தவில்லை என்றால் சீட்டை எழுத மறுக்கும்படி நிரலுக்கு இரண்டு வரியில் சொல்லிவிடலாம். வேர்டு எதையும் மறுக்காது.

2. ‘படம் அழகுக்குத்தானே’ என்பவர் அளவுகோலைப் பார்க்கவில்லை.

இந்த வாதத்தில் எனக்கு மிகவும் முக்கியமான இடம் இதுதான், ஏனென்றால் இங்கே ஒரு மனிதரின் நாணயம் கேள்விக்குள்ளாகிறது. பட்டு காற்றிலுள்ள ஈரத்தை வாங்கும், விடும். வணிகத்தில் பட்டுக்கு ஏற்றுக்கொண்ட ஈர அளவு, உலர்ந்த எடையில் 11 சதவீதம். மழைக்காலத்தில் நிறுத்துக் கொடுத்த நூல், காய்ந்த நாட்களில் திரும்ப நிறுக்கப்படும்போது அந்த ஈரம் 9 சதவீதமாக இறங்கியிருந்தால் எடை 1.09-ஐ 1.11-ஆல் வகுத்த அளவுக்குச் சுருங்கும். கிட்டத்தட்ட 1.8 சதவீதக் குறைவு. நம் கணக்கில் 640 கிராமுக்கு அது பதினொன்றரை கிராம். தராசில் நின்ற 118 சரியான நிறையாகவே இருந்து, சேலையாகவும் மீதியாகவும் எல்லாமே காய்ந்த நிலையில் நிறுக்கப்பட்டிருந்தால், அந்த 12 கிராம் குறைவில் ஏறக்குறைய முழுவதையும் காற்றே எடுத்துக்கொண்டது என்றாகிறது.

ஒரு தறிக்காரரின் சீட்டை மட்டும் பார்த்தால் இது தெரியாது. ‘12 கிராம் எங்கே?’ என்ற கேள்விதான் எழும். எல்லாத் தறிகளின் குறைவையும் சதவீதமாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் பட்டையாக வைத்தால் தெரியும். எல்லாப் பட்டைகளும் ஒன்றே முக்காலுக்கும் இரண்டுக்கும் நடுவே நின்றால் காரணம் பருவம். ஒரு பட்டை மட்டும் நான்கைத் தொட்டால், அந்தத் தறியில் நூல் அதிகம் அறுகிறதா, சாயம் ஏற்றியதில் கோளாறா, நிறுத்ததில் பிழையா என்று போய்ப் பார்க்க வேண்டும். ஆக, அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஓர் ஆளைச் சந்தேகிப்பதா வேண்டாமா என்று முடிவாகிறது.

இந்த முடிவை எக்செல்லின் தானியங்கி அளவுகோலிடம் ஒப்படைப்பது எப்படி நியாயமாகும்? எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கும்போது எக்செல் செங்குத்து அச்சைப் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் விட்டுவிடும். 1.8-க்கும் 1.9-க்கும் இடையே உள்ள வேறுபாடு அப்போது பட்டையில் இரண்டு மடங்காகக்கூடத் தோன்றலாம். அடுத்த மாதம் ஒரு தறியில் 6 வந்தால் அளவுகோல் மொத்தமும் மாறி, போன மாதம் உயரமாக இருந்த 2 இப்போது குட்டையாகிவிடும். இரண்டு மாதச் சீட்டுகளை அருகருகே வைத்து ஒப்பிட்டால் கண் பொய் சொல்லும். அச்சைக் கையால் நிலைப்படுத்த முடியும் என்பது உண்மைதான். மாதாமாதம், ஒவ்வொரு படத்திலும், மறக்காமல் செய்ய வேண்டும் என்பதும் உண்மை.

பிடிஎஃப்பில் நேரே வரையும்போது அளவுகோலை மில்லிமீட்டரில் எழுதிவைக்கிறோம். ஒரு சதவீதத்துக்கு 20 மில்லிமீட்டர் என்றால் இந்த மாதமும் 20, அடுத்த ஆண்டும் 20. நம் 12 கிராம் தறிக்குப் பட்டை முப்பத்தேழரை மில்லிமீட்டர். ஏ4 தாளில் பெயருக்கு இடம் விட்ட பிறகு சுமார் 138 மில்லிமீட்டர் மிஞ்சும். ஏழு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு வரை பட்டை தாளுக்குள் அடங்கும். அதைத் தாண்டும் குறைவு வந்தால் பட்டை தாளை விட்டு வெளியே ஓடும். நிரல் அங்கே நின்று ‘இந்த எண்ணைச் சரிபார்’ என்று சொல்ல வேண்டும். `fpdf2` என்ற நூலகத்தில் பட்டை வரைவது இவ்வளவுதான்:

```python
for name, pct in shortfall:
    pdf.cell(50, 7, name)
    y = pdf.get_y()
    pdf.rect(62, y + 1.5, pct * 20, 4, style="F")
    pdf.ln(7)
```

இதில் இரண்டாம், மூன்றாம் வரிகளின் முறையை மாற்றிவிடக் கூடாது. பக்கத்தின் அடியில் இடம் தீர்ந்தால் `cell` தானாகவே புதுப் பக்கம் தொடங்கிவிடும். `y`-ஐ அதற்கு முன்பே கேட்டு வைத்திருந்தால், பெயர் புதுப் பக்கத்தின் தலையிலும் பட்டை அதே பக்கத்தின் அடியிலுமாக விழும். பட்டியல் ஒரு பக்கத்தில் முடிகிற வரை இந்தப் பிழை வெளியே தெரியாது, தறிகள் கூடிப் பட்டியல் இரண்டாம் பக்கம் போகும் மாதத்தில்தான் தெரியும். எனவே சோதிக்கும்போதே பொய்ப் பெயர்கள் நூறு போட்டுச் சோதிக்க வேண்டும்.

3. ‘நிரலில் தமிழ் உடைகிறது’ என்பது நேற்றைய உண்மை.

எதிர்த்தரப்பின் வலுவான ஆயுதம் இதுதான். அதில் உண்மை இருந்தது என்பதால்தான் இதற்குக் கூடுதல் இடம் தருகிறேன். பிடிஎஃப்பில் சொற்கள் சொற்களாக இருப்பதில்லை. இந்த எழுத்து வடிவம் தாளில் இந்த இடத்தில் என்ற கட்டளைகளாகவே இருக்கின்றன. யூனிகோடில் ‘நெ’ என்பது முதலில் ‘ந’, அடுத்து கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. தாளில் கொம்பு முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தையும், ‘பு’, ‘கூ’ போன்றவற்றுக்கு இணைந்த வடிவத்தைத் தேர்வதையும் செய்ய ஒரு தனிக் கருவி தேவை. அந்தக் கருவி இல்லாத நூலகம் சேமித்த வரிசையிலேயே வரைந்துகொண்டு போகும். அப்போது ‘நெசவு’ என்று கொடுத்தால் கண்ணுக்கு ‘நசெவு’ போலத் தெரியும், கடைசி உகரக் குறி எழுத்தோடு ஒட்டாமல் தனியே நிற்கும். ‘சேலை’யில் ஏகாரக் கொம்பு ‘ல’வுக்கு முன்னால் போய் நிற்கும், ஐகாரக் கொம்பு சொல்லின் கடைசியில் அனாதையாகத் தொங்கும்.

இதில் கொடுமை என்னவென்றால் நிரல் எந்தப் புகாரும் சொல்லாது. தமிழ் தெரியாத ஒருவர் சோதித்தால் எல்லாம் சரியாக வந்துவிட்டது என்றே சொல்வார். பிடிஎஃப் எழுத உலகெங்கும் பயன்படும் ரிப்போர்ட்லேப் நூலகம் நெடுங்காலம் இப்படித்தான் தமிழை வரைந்தது. வரைபடங்களுக்குப் பெயர்பெற்ற `matplotlib`-இலும் இதே குறை இருந்தது. எழுத்துருவில் தமிழ் வடிவமே இல்லாதபோது மட்டும் அது `Matplotlib currently does not support Tamil natively.` என்று எச்சரித்தது. தமிழ் எழுத்துரு ஒன்றைக் கொடுத்துவிட்டால் எச்சரிக்கை நின்றுவிட்டது, கொம்பு மட்டும் இடம் மாறியே வந்தது. எச்சரிக்கை போய்விட்டதே என்று நம்பி அச்சுக்குப் போனவர்கள்தான் ‘நிரலில் தமிழ் வராது’ என்ற முடிவோடு திரும்பி வந்தவர்கள்.

2023-இல் வந்த `fpdf2`-வின் 2.7.5 பதிப்பு இந்தக் கதையை மாற்றியது. உலாவிகளிலும் ஆண்ட்ராய்டிலும் எழுத்தை வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் என்ற கருவியை அது தனக்குள் அழைத்துக்கொள்ளக் கற்றது. நிறுவ வேண்டியவை இரண்டு:

```
pip install fpdf2 uharfbuzz
```

இங்கே ஒரு குழி உண்டு. `fpdf` என்ற பெயரில் ஒரு பழைய தொகுப்பும் இருக்கிறது. இரண்டையுமே நிரலுக்குள் `fpdf` என்றுதான் அழைக்கிறோம். பழையது கணினியில் கிடந்தால் அதை நீக்கிவிட்டுத்தான் புதியதை நிறுவ வேண்டும். பழையதில் கீழே வரும் வசதிகள் எதுவும் கிடையாது. பிறகு தொடக்கம் இப்படி:

```python
from fpdf import FPDF

pdf = FPDF(format="A4")
pdf.add_font("Malar", "", "MuktaMalar-Regular.ttf")
pdf.add_font("Malar", "B", "MuktaMalar-Bold.ttf")
pdf.set_font("Malar", size=11)
pdf.set_text_shaping(True)
pdf.add_page()
```

முக்த மலர் எழுத்துருவை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அதில் தமிழும் ஆங்கில எழுத்தும் எண்களும் ஒன்றாக இருக்கின்றன. சீட்டில் ரசீது எண்ணும் தமிழ்ப் பெயரும் ஒரே வரியில் வரும். எழுத்துருவைப் பதியாமல் உள்ளே இருக்கும் ஹெல்வெடிகாவிலேயே தமிழை எழுதப் போனால், அந்த எழுத்துருவில் இந்த எழுத்து இல்லை என்று பிழை காட்டி நிரல் நின்றுவிடும். அது நல்லது, உடனே தெரிகிறது. தடித்த எழுத்துருவைத் தனியே பதியாமல் விட்டாலும் நிற்கும், ஏனென்றால் அட்டவணையின் தலைவரிசையை `fpdf2` இயல்பாகவே தடித்த எழுத்தில் எழுதும். அமைதியாக ஏமாற்றுவது ஒன்றே ஒன்று: `set_text_shaping` வரியை மறப்பது. மறந்தால் பழைய ‘நசெவு’ திரும்ப வந்துவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ‘நெசவு, சேலை, கொடுத்தது, கூலி, பௌர்ணமி, ஸ்ரீ’ என்ற சொற்களைச் சோதனைத் தாளில் அச்சடித்து, திரையில் பார்க்காமல் தாளில் பார்க்க வேண்டும். கொம்பு, கால், இணைந்த உகரம், இரட்டைக் குறி, கிரந்தக் கூட்டெழுத்து என்று உடையக்கூடிய இடங்கள் எல்லாம் இந்த ஆறு சொற்களில் அடங்கிவிடுகின்றன. இன்னோர் அறிகுறி: வரித் தொடக்கத்தில் புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று தெரிந்தால், குறுகிய பத்தியில் நீண்ட சொல் நடுவே வெட்டுப்பட்டு, மெய் ஒரு வரியிலும் அதன் உயிர்க்குறி அடுத்த வரியிலுமாகப் பிரிந்துவிட்டது என்று பொருள். பெயருக்கான பத்தியை அகலமாக்கினால் அது சரியாகும். அதனால்தான் பெயருக்கு 50 மில்லிமீட்டர் விட்டேன்.

மேலே பட்டைகளை `matplotlib` இல்லாமல் நானே வரைந்ததற்கும் இதுவே காரணம். பட்டை என்பது ஒரு செவ்வகம், அதற்கு ஒரு பெரிய நூலகம் தேவையில்லை. பெயரை `cell` எழுதுவதால் தமிழ் சரியாக வருகிறது. படம் கோடுகளாகவே கோப்பில் இருப்பதால், எக்செல் படத்தைப் புகைப்படமாக ஒட்டினால் வரும் மங்கலும் இல்லை.

மிச்சமிருக்கும் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பிடிஎஃப்பிலிருந்து தமிழ்ப் பெயரை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் கொம்பு இடம் மாறி வரக்கூடும், தேடினால் பெயர் கிடைக்காமலும் போகலாம். வேர்டிலிருந்து சேமித்த பிடிஎஃப்களிலும் இந்தத் தொல்லை உண்டு. பிடிஎஃப் கண்ணுக்கு உரிய தாள், அதிலிருந்து எண்ணெடுத்துக் கணக்குப் போட நினைக்கக் கூடாது. தணிக்கையாளருக்கு எண்கள் வேண்டுமென்றால் மூல சிஎஸ்வியைக் கூடவே கொடுக்க வேண்டும்.

‘இத்தனை தொல்லை எதற்கு, சீட்டை ஆங்கிலத்தில் போட்டுவிட்டால் போகிறது’ என்று சொல்பவர்களுக்கு என்னிடம் நீண்ட பதில் இல்லை. தன் கூலியும் தன் மேல் எழுதப்பட்ட குறைவும் என்னவென்று தறிக்காரர் தானே படித்துப் பார்க்க முடியாத சீட்டு அவருக்காக எழுதப்பட்டதே அல்ல.

பழைய கணக்குகளை வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பெயர்கள் திரையில்தான் தமிழ், உள்ளே அவை வெறும் ஆங்கிலக் குறிகள். 2010-இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்ற பிறகும் அலுவலகங்களில் அந்தக் கோப்புகள் நிறையக் கிடக்கின்றன. நிரலுக்குக் கொடுக்கும் முன் அவற்றை யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். வேர்டில் ஒட்டும்வரை இந்தக் கோளாறு மறைந்தே இருக்கும், நிரல்தான் அதை முதல் நாளே காட்டிக்கொடுக்கும்.

4. நீண்ட அட்டவணை பக்கம் தாண்டும்போது தலைப்பு எங்கே போகிறது?

வேர்டில் தலைவரிசையை ஒவ்வொரு பக்கத்திலும் காட்டச் சொல்லும் வசதி உண்டு. ஆனால் ஒவ்வொரு முறை புதிதாக ஒட்டும்போதும் அதை மறுபடி சொல்ல வேண்டும், பத்திகளின் அகலத்தையும் மறுபடி இழுக்க வேண்டும். `fpdf2`-வில் ஒருமுறை எழுதியது நிலைத்துவிடுகிறது. தலைவரிசை எல்லாப் பக்கத்திலும் தானாக வரும்:

```python
with pdf.table(col_widths=(50, 35, 35, 35, 35),
               text_align=("LEFT", "RIGHT", "RIGHT",
                           "RIGHT", "RIGHT")) as t:
    for r in rows:
        t.row([str(v) for v in r])
```

எண்களை வலப்பக்கம் ஒதுக்குவது சிறு விஷயமாகத் தோன்றும். 118-உம் 1,180-உம் இடப்பக்கம் ஒட்டி நின்றால் மேலிருந்து கீழே ஓடும் கண் ஒரு பூஜ்யத்தைத் தவறவிடும்.

5. ‘கையால் திருத்த முடியாதே’ என்பதைக் குறையாகச் சொல்கிறார்கள். அதைத்தான் நான் வேண்டிக் கேட்கிறேன்.

சீட்டில் தவறு இருந்தால் தவறு பிறந்த இடம் மூலக் கோப்பு. அங்கே திருத்தினால் அடுத்த மாதமும் சரியாக வரும். சீட்டின் மேல் திருத்தினால் இந்தத் தாள் மட்டும் சரியாகும். அடுத்த மாதம் பழைய தவறு மூலக் கோப்பிலிருந்து மறுபடி எழுந்து வரும். இன்னும் முக்கியமானது, அச்சடித்த பிறகு ஒருவர் வேர்டில் கூலியையோ குறைவையோ மாற்றினால் அதற்குத் தடயமே இல்லை. நூலைக் கொடுப்பவர் கையில் தராசும் கணக்கும் இரண்டும் இருக்கும் தொழில் இது. திருத்தம் செய்யக்கூடிய இடம் ஒன்றே ஒன்றாக இருப்பதும், அது எங்கே என்று இருதரப்புக்கும் தெரிந்திருப்பதும் தறிக்காரருக்கு மட்டுமல்ல, நேர்மையான கணக்கெழுத்தருக்கும் பாதுகாப்பு. பெயரில் ஓர் எழுத்துப் பிழை என்றால்? பெயர்ப்பட்டியலில் ஒருமுறை திருத்தி நிரலை ஓட்டினால் எல்லாச் சீட்டுகளும் சில நொடிகளில் புதிதாக வந்துவிடும்.

இதே நோக்கத்தை வேறு வழியிலும் அடையலாம் என்பதை மறுக்க மாட்டேன். இணையப் பக்கம் போல எழுதி அதைப் பிடிஎஃப் ஆக மாற்றும் வீஸிபிரிண்ட் போன்ற நூலகமும் தமிழைச் சரியாக வடிவமைக்கிறது. அலங்காரம் மிகுந்த அறிக்கைக்கு அதுவே எளிது. ஆனால் விண்டோஸ் கணினியில் அதற்குப் பாங்கோ என்ற துணைக்கருவியையும் தனியே நிறுவ வேண்டும். அட்டவணையும் பட்டையும் மட்டுமே உள்ள ஒரு சீட்டுக்கு, இன்ன இடத்தில் இன்ன அளவு என்று மில்லிமீட்டரில் பிடித்து எழுதும் வழி போதும்.

6. ‘எழுதிய பையன் போய்விட்டால்?’

இந்தக் கேள்வியை எக்செல்லைப் பார்த்தும் கேட்க வேண்டும். பல ஆண்டுகளாக வளர்ந்த ஒரு கணக்குத் தாளில் எந்தச் சதுரம் எதைக் கூட்டுகிறது, எந்தப் பத்தி மறைக்கப்பட்டிருக்கிறது, எந்த எண் சூத்திரத்தின் மேலேயே கையால் அடிக்கப்பட்டது என்பது அதை வளர்த்தவருக்கு மட்டுமே தெரியும். அவர் ஓய்வு பெற்றாலும் அதே கதிதான். மேலே காட்டிய துண்டுகளைச் சேர்த்து, சிஎஸ்வியைப் படிக்கும் வரிகளையும் போட்டால் முழு நிரலும் இரண்டு பக்கத் தாளில் அடங்கும். குறைவு எப்படிக் கணக்கிடப்படுகிறது, ஒரு சதவீதத்துக்கு எத்தனை மில்லிமீட்டர், எந்த நிலையில் சீட்டு எழுதப்படாது என்ற விதிகள் எல்லாம் அதில் வெளிப்படையாக எழுத்தில் இருக்கும். பைத்தான் படித்த கல்லூரிப் பிள்ளை ஒருவர் ஆரணியிலேயே கிடைப்பார். அவர் அதைப் படித்துப் புரிந்துகொள்ளலாம். சூத்திரங்கள் சிதறிக் கிடக்கும் கணக்குத் தாளை அப்படிப் படிக்க வழியில்லை.

ஆனால் நிரலை எழுதித் தருபவர் சில கடமைகளைச் செய்துவிட்டுத்தான் போக வேண்டும். எழுத்துருக் கோப்புகள் இரண்டும் நிரலோடு அதே கோப்புறையில் இருக்க வேண்டும். வேறு கணினிக்கு மாற்றியதும் எழுத்துரு கிடைக்காமல் நிரல் நிற்பதற்கு அவை பிரிந்து போவதே பொதுவான காரணம். எந்தப் பதிப்பில் சோதித்தாரோ அந்தப் பதிப்பு எண்ணை `requirements.txt` கோப்பில் எழுதி வைக்க வேண்டும். சிஎஸ்வியைச் சேமிக்கும்போது எக்செல்லில் ‘CSV UTF-8’ என்பதைத் தேர்ந்தெடுக்கக் கணக்கெழுதுபவருக்குக் காட்டித் தர வேண்டும். வெறும் ‘CSV’ என்று சேமித்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். அந்தக் கோப்பை நிரலில் திறக்கும்போது `encoding="utf-8-sig"` என்று குறிப்பிட வேண்டும், இல்லையென்றால் முதல் பத்தியின் தலைப்போடு கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொண்டு, அந்தப் பத்தியே இல்லை என்று நிரல் சொல்லும். கடைசியாக, ஒரு மாதக் கணக்கைப் பழைய வழியிலும் புதிய வழியிலும் இரண்டாகச் செய்து, ஒவ்வொரு தறியின் குறைவும் கூலியும் ஒத்துவருகிறதா என்று தறிக்காரர் ஒருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சரிபார்க்க வேண்டும். ஒத்துவராத எண் கிடைத்தால், எந்தப் பக்கம் தவறு என்று முடிவு செய்யும் முன் தராசுக் குறிப்பேட்டைத் திறந்து பார்க்க வேண்டும்.